இரண்டு பஃபரா, மூன்று பஃபரா: சாயப்பட்டறை லேபுக்கு எது பொருந்தும்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடைச் சாயப்பட்டறையின் லேபில் ஒரே பிஎச் மீட்டர் ஒரு நாளில் எதையெல்லாம் அளக்கிறது என்று பாருங்கள். காலையில் பயோபாலிஷ் குளியல்: அமில செல்லுலேஸ் என்சைம் என்றால் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். அடுத்து ரியாக்டிவ் டைபாத், அதாவது சாயக் குளியல்: சோடா ஆஷ் போட்டபின் 11-ஐ ஒட்டி நிற்கும். இடையில் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர், 7-க்கும் 8.5-க்கும் நடுவில். அப்புறம் ஆர்.ஓ. தண்ணீர். பிஎச் முன்பே தெரிந்த கரைசல்தான் பஃபர்; இந்த மீட்டரை இரண்டு பஃபரில் காலிபரேட் செய்வதா, மூன்றில் செய்வதா என்பதுதான் கேள்வி.

மூன்று என்றால் இரண்டைவிட நல்லதுதானே என்று தோன்றும். பல சமயம் அது உண்மைதான். ஆனால் மூன்றாவது பஃபரை மீட்டருக்குள் சேர்ப்பது ஒன்று, அதைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வது வேறொன்று. இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பது நீங்கள் எதை அளக்கிறீர்கள், உங்கள் 10 பஃபர் எவ்வளவு புதியது, உங்கள் மீட்டர் மூன்று புள்ளிகளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் மீட்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணாடி எலக்ட்ரோடு தருவது மில்லிவோல்ட் மட்டும்தான். பிஎச் 7-இல் ஏறத்தாழ பூஜ்யம், அமிலத்தில் பிளஸ், காரத்தில் மைனஸ். 25 டிகிரியில் பழுதில்லாத எலக்ட்ரோடு, பிஎச் ஒன்று மாறினால் 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே மாறும். எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதைத்தான் ஸ்லோப் என்கிறோம். பிஎச் 7 பஃபரில் பூஜ்யத்துக்குப் பதில் எவ்வளவு காட்டுகிறது என்பது ஆஃப்செட். காலிபரேஷன் என்றால் இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடித்து மீட்டரில் பதிவது. இதற்கு இரண்டு பஃபர் போதும், ஏனென்றால் ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும்.

சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரோடு முழுநீளத்துக்கும் ஒரே நேர்கோடாக நடந்துகொள்வதில்லை. பழசாகப் பழசாக அமிலப் பக்கம் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும், காரப் பக்கம் முன்னதாகத் தளரும். 4, 7 பஃபரில் மட்டும் காலிபரேட் செய்துவிட்டு டைபாத்தை அளப்பவருக்கு இந்தத் தளர்ச்சி தெரியவே தெரியாது.

எண்களோடு பார்ப்போம். எல்லாப் பஃபரும் 25 டிகிரியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் உழைத்த ஒரு எலக்ட்ரோடு 4.01 பஃபரில் +162 மில்லிவோல்ட் காட்டுகிறது, 7.00-இல் −8, 10.01-இல் −166. இதில் ஸ்லோப் கண்டுபிடிக்கும் கணக்கு ஒரே வரிதான்:

```
slope % = (E1 - E2) / (pH2 - pH1) / 59.16 * 100

4-7  : (162 - (-8)) / 2.99 = 56.86 mV  -> 96.1 %
7-10 : (-8 - (-166)) / 3.01 = 52.49 mV -> 88.7 %
```

அமிலப் பக்கம் 96.1 சதவீதம் அருமையான எண். காரப் பக்கம் 88.7 கவலைப்பட வேண்டிய எண். இந்த எலக்ட்ரோடை 4-7 இரு புள்ளியில் காலிபரேட் செய்துவிட்டு 10.01 பஃபரில் வைத்தால் மீட்டர் 9.78 காட்டும். 0.23 வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் பலர் உடனே எலக்ட்ரோடைக் குறை சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள். குற்றவாளிகள் இரண்டு பேர்: ஒன்று கண்ணாடி, இன்னொன்று 10 பஃபர். 4-உம் 7-உம் நிலையான பஃபர்கள். 10 அப்படி அல்ல, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பிஎச் இறங்கும். மூடியை அடிக்கடி திறக்கும் பாட்டிலில், அதுவும் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில், லேபிள் 10.01 என்று சொல்லும், உள்ளே இருப்பது 9.85 ஆக இருக்கும். ஆகவே சீல் உடைக்காத புதுப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். நம் உதாரணத்தில் புதுப் பஃபரில் அதே எலக்ட்ரோடு −175 காட்டுகிறது. காரப் பக்க ஸ்லோப் இப்போது 55.48 மில்லிவோல்ட், அதாவது 93.8 சதவீதம். எலக்ட்ரோடு கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். 9 மில்லிவோல்ட் பிழை பாட்டிலில் இருந்தது.

இனி அந்தக் கெட்ட பஃபரை வைத்து மூன்று புள்ளி காலிபரேஷன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். அதற்கு உங்கள் மீட்டர் எந்த வகை என்று தெரிய வேண்டும்.

சில மீட்டர்கள் மூன்று புள்ளிகளை இரண்டு துண்டுக் கோடுகளாக வைத்துக்கொள்ளும். 4-7 இடையே ஒரு ஸ்லோப், 7-க்கு மேல் இன்னொரு ஸ்லோப். இந்த வகை மீட்டர் கெட்ட பஃபரை அப்படியே நம்பி, காரப் பக்கத்துக்கு 52.49 என்ற ஸ்லோப்பைப் பதிந்துகொள்ளும். பிறகு 10 பஃபரில் வைத்துப் பார்த்தால் 10.01 என்று கச்சிதமாகக் காட்டும். எல்லாம் சரி போலவே இருக்கும். ஆனால் உண்மையில் பிஎச் 11.00 உள்ள டைபாத்தை இது 11.23 என்று காட்டும். காரம் அதிகம் என்று நினைத்து அடுத்த பாத்தில் சோடா ஆஷைக் குறைத்தால் சாயம் துணியில் சரியாகப் பிடிக்காமல் ஷேடு வெளுக்கும். 8.45 உள்ள கழிவுநீர் 8.53 ஆகிவிடும். உங்கள் வரம்பு 8.5 என்றால், சரியான தண்ணீரைத் தவறு என்று எழுதிவிட்டீர்கள்.

மற்ற வகை மீட்டர்கள் மூன்று புள்ளிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சராசரிக் கோடு போடும். இதே கெட்ட பஃபரோடு இந்த மீட்டர் காட்டும் ஸ்லோப் 92.4 சதவீதம். பாஸ் மார்க்! 88.7 என்ற எண் திரையில் எங்குமே வராது. பிழையை மூன்று புள்ளிக்கும் பங்குபோட்டு மறைத்துவிட்டது. ஆனால் இந்த வகையில் ஒரு நல்ல காரியம் உண்டு: காலிபரேஷன் முடிந்ததும் எலக்ட்ரோடைக் கழுவி மறுபடி 7 பஃபரில் வைத்தால் 7.08 காட்டும். எங்கோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

உங்கள் மீட்டர் எந்த வகை என்று கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் இதே சோதனைதான் வழி. மூன்று புள்ளி முடித்தவுடன் மூன்று பஃபரையும் திரும்ப அளந்து பாருங்கள். மூன்றும் லேபிளில் உள்ளபடியே வந்தால் பெரும்பாலும் துண்டுக் கோடு. நடுவில் உள்ளது 0.02 போல மேலேயும் ஓரங்களில் உள்ளவை 0.01 போலக் கீழேயும் தள்ளி நின்றால் சராசரிக் கோடு. நம் எலக்ட்ரோடு புதுப் பஃபரோடு 7.02, 4.00, 10.00 என்று காட்டும். இவ்வளவு வித்தியாசம் பிழை இல்லை, அந்தக் கணக்கின் இயல்பே அதுதான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அளக்கும் மேஜை என்றால் இரண்டு புள்ளி போதும் என்பேன், அதுவே நல்லது என்றும் சொல்வேன். டைபாத் மட்டும் அளக்கும் மீட்டரை 7, 10 பஃபரில் காலிபரேட் செய்யுங்கள். பயோபாலிஷ் மட்டும் என்றால் 7, 4. அளக்கும் பொருள் இரண்டு பஃபருக்கு நடுவிலோ அவற்றுக்கு மிக அருகிலோ விழ வேண்டும் என்பதுதான் விதி. மூன்றாவது பஃபரைக் காலிபரேஷனில் சேர்க்காமல், முடிந்தபின் சாதாரண மாதிரியைப் போல அளந்து எண்ணை எழுதிவையுங்கள். அது 0.1-க்குள் வந்தால் நிம்மதி. வராவிட்டால் எந்தப் பஃபர், எந்தப் பக்கம் என்று தேட ஒரு துப்பு கிடைத்துவிடும். மூன்றையும் மீட்டருக்குள் போட்டுவிட்டால், கேள்வி கேட்க வெளியில் ஒரு பஃபரும் மிச்சமில்லை. இதற்காகவே இரண்டும் ஒன்றும் என்ற ஏற்பாட்டை நான் விரும்புகிறேன்.

மேலே சொன்ன சாயப்பட்டறை லேபைப் போல ஒரே மீட்டர் 4.5-இலிருந்து 11 வரை ஓடுகிறது என்றால் மூன்று புள்ளிதான். அங்கே 4-7 மட்டும் செய்தால் டைபாத் 11.00 என்பது 10.90 ஆகும், அதுவும் எலக்ட்ரோடு நல்ல நிலையில் இருக்கும்போதே. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் பஃபரை மாற்றி மாற்றிக் காலிபரேட் செய்வது ஷிப்டு நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை. மூன்று புள்ளி செய்யுங்கள். ஆனால் 10 பஃபரைச் சிறிய பாட்டில்களாக வாங்குங்கள், திறந்த தேதியை மேலே எழுதுங்கள், ஒரு மாதம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பீக்கரில் ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவே கூடாது. மீட்டர் காட்டும் மொத்த ஸ்லோப்பை நம்பாமல், மூன்று மில்லிவோல்ட் எண்களையும் எழுதி, இரண்டு பக்க ஸ்லோப்பையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் புதுப் பஃபர், பிறகுதான் எலக்ட்ரோடைப் பற்றிய யோசனை.

காப்ஸ்யூல் கரைத்து 4, 7, 9.2 பஃபர் செய்பவர்களுக்கும் இதே கதைதான். 9.2 பஃபர் போராக்ஸ். அது 10-ஐவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்றாலும் 11-க்கு இன்னும் தள்ளி நிற்கிறது. டைபாத்துக்கு 10 பஃபரே மேல். காஸ்டிக் போட்ட பிளீச்சிங் குளியல்போல 12-ஐத் தாண்டினால் சாதாரணக் கண்ணாடி சோடியத்தையும் ஹைட்ரஜன் அயனி என்று எண்ணிக்கொண்டு குறைத்துக் காட்டும். எத்தனை புள்ளி காலிபரேஷன் செய்தாலும் அது தீராது, அதற்கென்று உள்ள கண்ணாடி வேண்டும்.

வெப்பநிலையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏசி இல்லாத லேபில் 25 டிகிரி என்பது கனவு. 30 டிகிரியில் 10.01 பஃபரின் உண்மையான மதிப்பு 9.97, 35 டிகிரியில் 9.93. போராக்ஸ் பஃபர் 25-இல் 9.18, 35-இல் 9.10. பஃபர்களைத் தானே அடையாளம் காணும் மீட்டர் இதைப் பார்த்துக்கொள்ளும். கையால் எண் போடும் மீட்டரில் பாட்டில் மேல் உள்ள அட்டவணையைப் பார்த்துப் போட வேண்டும். ஸ்லோப் சதவீதத்துக்கும் அப்படியே: 30 டிகிரியில் 59.16-ஆல் வகுக்காதீர்கள், 60.15-ஆல் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் களைத்த எலக்ட்ரோடு கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் இளமையாகத் தெரியும். 60 டிகிரி டைபாத்தை எடுத்து வந்து அப்படியே முக்குவதைவிட, மூடிய பாட்டிலில் அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து அளப்பது நல்லது. மீட்டரின் வெப்பத் திருத்தம் எலக்ட்ரோடின் ஸ்லோப்பைத்தான் திருத்தும். சூடானபோது பாத்தின் பிஎச்சே வேறாக இருப்பதை அது திருத்தாது.

அடுத்த கேள்வி, எலக்ட்ரோடை எப்போது மாற்றுவது. ஸ்லோப் 95-க்கு மேல் என்றால் நிம்மதியாக ஓட்டலாம். 90-க்கும் 95-க்கும் இடையில் என்றால் சுத்தம் செய்து கவனிக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகும் 90-க்குக் கீழே என்றால் விடைகொடுக்கலாம். ஆஃப்செட் ±30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், உங்கள் எலக்ட்ரோடுக்கு உரியதைப் பின்பற்றுங்கள். ஸ்லோப் 103, 104 என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். எலக்ட்ரோடு அவ்வளவு நன்றாக இருக்காது. பஃபரோ வெப்பநிலையோ தப்பு.

ஆனால் ஸ்லோப் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்லோப் கடைசியாகத்தான் விழும், வேகம் முதலில் விழும். 7 பஃபரிலிருந்து எடுத்துக் கழுவி 4 பஃபரில் வைத்தால் நல்ல எலக்ட்ரோடு அரை நிமிடத்துக்குள் நிலைகொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்றால், கடைசியில் சரியான எண்ணுக்கு வந்தாலும் அது நோயாளிதான். டைபாத் பார்க்கும் ஆள் மூன்று நிமிடம் காத்திருக்க மாட்டார், ஊர்ந்துகொண்டிருக்கும்போதே எண்ணை எழுதிவிடுவார். காலிபரேஷனில் 96 சதவீதம், வேலையில் 0.2 பிழை.

இன்னொரு பழுது காலிபரேஷனில் தெரியவே தெரியாது. எலக்ட்ரோடின் பக்கவாட்டில் அல்லது அடியில் உள்ள சிறு பீங்கான் புள்ளி, அதைத்தான் ஜங்ஷன் என்கிறோம். உள்ளே உள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசல் அதன் வழியாகக் கசிந்து மாதிரியைத் தொட வேண்டும். சாயம் அதில் ஏறி அடைத்துக்கொள்ளும். பஃபர்களில் உப்பு நிறைய இருப்பதால் அடைந்த ஜங்ஷனோடும் ஒழுங்காகவே காட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் வைத்தால்தான் குணம் வெளுக்கும்: எண் நிற்காமல் அலையும், கலக்கினால் ஒன்று, நிறுத்தினால் ஒன்று. கலக்கும்போதும் நிறுத்தியபோதும் 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜங்ஷனைச் சந்தேகியுங்கள். அளக்கும்போது நிரப்பும் துளையைத் திறந்து வைக்க மறந்தாலும் இதே தொல்லை வரும், ஆகவே அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு முறை சுத்தம் செய்து பார்ப்பது கட்டாயம். சுண்ணாம்புப் படிவு என்றால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 முதல் 20 நிமிடம். சாயமும் எண்ணெயும் என்றால் வீட்டு பிளீச்சை ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீரில் கரைத்து, துளி டிடர்ஜென்ட் சேர்த்து, 15 நிமிடம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் நடுவில் நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜங்ஷனுக்கு, வெதுவெதுப்பான பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடலாம். நிரப்பும் வகை எலக்ட்ரோடு என்றால் உள்கரைசலை முழுதும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஆஃப்செட் 30-ஐத் தாண்டிய எலக்ட்ரோடுகள் பல இந்த ஒரு காரியத்தில் திரும்பி வரும், ஏனென்றால் அழுக்காவது பெரும்பாலும் உள்கரைசல்தான். கடைசியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவைத்து, புதுப் பஃபரில் மறு காலிபரேஷன். துடைக்கும்போது கண்ணாடிக் குமிழைத் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும். டிஸ்டில்டு வாட்டரில் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இந்தச் சுத்தத்துக்குப் பிறகு வரும் எண்தான் தீர்ப்பு. நம் எலக்ட்ரோடு சுத்தம் செய்தபின் 97, 95.5 என்று ஏறி, அரை நிமிடத்தில் நின்றால் இன்னும் சில மாதம் ஓடும். சுத்தம் செய்தும் காரப் பக்கம் 89-இலேயே நின்று, நிலைகொள்ள இரண்டு நிமிடம் எடுத்தால், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட வேண்டாம். எல்லாப் பஃபரிலும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டி, பிஎச் 7-ஐவிட்டு நகராமல் நின்றால் குமிழில் விரிசல் அல்லது கேபிளில் ஷார்ட், அதற்குச் சுத்தம் எதுவும் உதவாது. கழற்றிய எலக்ட்ரோடை அவசரத்துக்கு ஆகும் என்று அலமாரியில் வைக்காதீர்கள். இரவு ஷிப்டில் யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.

புதிது வாங்கும்போது டைபாத் லேபுக்கு நிரப்பும் வகையையே வாங்குங்கள் என்பது என் யோசனை. ஜெல் நிரப்பி மூடிய வகைக்குப் பராமரிப்பு குறைவுதான், ஆனால் ஜங்ஷனில் சாயம் ஏறிவிட்டால் கரைசலை மாற்ற வழியில்லை, முழுதாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். சாதாரண லேபில் ஒன்று இரண்டு ஆண்டு வரும் எலக்ட்ரோடு, சூடான காரத்தில் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதென்று நான்கைந்து வாங்கி அடுக்கவும் வேண்டாம், பெட்டிக்குள்ளேயும் அதற்கு வயதாகும். ஒன்று மாட்டியிருக்கட்டும், ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். புதியதை மாட்டிய முதல் நாளே மூன்று பஃபரின் மில்லிவோல்ட்டையும், நிலைகொள்ள எடுத்த வினாடிகளையும் நோட்டில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து 94 சதவீதம் என்று வரும்போது, அது 99-இலிருந்து மெதுவாக இறங்கி வந்த 94-ஆ, போன வாரம் 98-ஆக இருந்து திடீரென விழுந்த 94-ஆ என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். முதலாவது வயது. இரண்டாவதற்குப் பஃபர் பாட்டிலைத் தேடிப் போக வேண்டும்.